வரியில் பாதிப் பாதி, கடனில் மட்டும் முழுசு

"மேடம், உங்க பங்கு, சார் பங்குன்னு எங்க சிஸ்டத்துல தனித்தனியா ஒண்ணும் கிடையாது. இஎம்ஐ ஒண்ணுதான். அது முழுசா வரணும்."

கூட்டுக் கடன் வாங்கிய தம்பதியில் ஒருவர் கட்டுவதை நிறுத்திவிட்டு, மற்றவர் "என் பாதியை நான் கட்டிட்டேனே" என்று கேட்கும்போது, வசூல் பிரிவில் இருந்து வரும் பதில் ஏறக்குறைய இதுதான். கேட்பவருக்கு அநியாயமாகத் தோன்றும். ஏனென்றால் இத்தனை வருடமும் வருமான வரிப் படிவத்தில் அதே கடனை அவர் பாதியாகத்தான் காட்டிவந்திருக்கிறார், வரித்துறையும் அதைப் பாதியாகத்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒரே கடன்தான், ஆனால் அதை வரிச் சட்டம் ஒரு மாதிரியும் ஒப்பந்தச் சட்டம் வேறு மாதிரியும் பார்க்கிறது. இந்த வித்தியாசம் எல்லாம் ஒழுங்காகப் போகும்வரை கண்ணில் படாது.

ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே பேசுவோம். மேடவாக்கத்தில் ஒரு பிளாட், கணவன் மனைவி இருவர் பெயரிலும் பத்திரம், ஆளுக்குப் பாதி. கடன் 60 லட்சம், 20 வருடம், வட்டி 8.5 சதவீதம் (நடுவில் ஏறி இறங்கியிருக்கும், நம் வசதிக்கு ஒரே விகிதமாக வைத்துக்கொள்வோம்). இஎம்ஐ 52,069 ரூபாய். முதல் தவணை 2022 ஜூன் 5. முழு இஎம்ஐயும் கணவர் கணக்கிலிருந்து தானாகப் போகும், மனைவி மாதாமாதம் 26 ஆயிரத்துச் சொச்சத்தை அவர் கணக்குக்கு அனுப்பிவிடுவார். பல வீடுகளில் இதுதான் ஏற்பாடு.

முதல் பன்னிரண்டு மாதத்தில் இவர்கள் கட்டியது 6.25 லட்சம். அதில் வட்டி 5.05 லட்சம், அசல் 1.19 லட்சம்தான். பழைய வரி முறையில், தானே குடியிருக்கும் வீட்டுக்கு 24(பி) பிரிவின்கீழ் ஓர் ஆளுக்கு வருடத்துக்கு அதிகபட்சம் 2 லட்சம் வட்டியைக் கழித்துக்கொள்ளலாம். இந்த வரம்பு ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. ஒருவர் பெயரில் மட்டும் கடனும் வீடும் இருந்திருந்தால் 5.05 லட்சம் வட்டியில் 3 லட்சத்துக்கு மேல் வீணாகப் போயிருக்கும். இருவராகப் பிரித்ததால் ஆளுக்கு 2.52 லட்சம் வந்து, ஆளுக்கு 2 லட்சம் என மொத்தம் 4 லட்சம் கழிகிறது. முப்பது சதவீத அடுக்கில் இருப்பவருக்கு செஸ்ஸோடு சேர்த்து 2 லட்சத்துக்கு 62,400 ரூபாய் வரி மிச்சம், அதாவது இருவருக்கும் சேர்த்து வருடம் 1.25 லட்சம். அசலுக்கு 80சி பிரிவு தனி, அதிலும் ஆளுக்கு 1.5 லட்சம் வரம்பு, ஆனால் பிஎஃப், எல்ஐசி எல்லாம் அதே பைக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் என்பதால் பலருக்கு அதில் பெரிதாக இடம் இருக்காது.

இந்தக் கழிவு கிடைக்க இரண்டு தகுதியும் ஒருவரிடமே இருக்க வேண்டும். பத்திரத்தில் உரிமையாளராகவும் இருக்க வேண்டும், கடனில் கடனாளியாகவும் இருக்க வேண்டும். சம்பளம் போதவில்லை என்று அப்பாவையோ தங்கையையோ கடனில் மட்டும் சேர்த்திருந்தால் அவர்களுக்கு வரியில் ஒரு ரூபாய் கிடையாது, பொறுப்பு மட்டும் முழுசாக உண்டு. என்னைக் கேட்டால் கூட்டுக் கடனில் இருப்பதிலேயே மோசமான நாற்காலி அதுதான். வீடும் இல்லை, வரிச் சலுகையும் இல்லை, 20 வருடத்துக்குக் கடன் மட்டும் தலையில். பத்திரத்தில் பங்கு எவ்வளவு என்று எழுதாமல் விட்டிருந்தால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 45வது பிரிவு யார் எவ்வளவு பணம் போட்டார்கள் என்று பார்க்கும், அதற்கும் ஆதாரம் இல்லையென்றால் சமபங்கு என்று எடுத்துக்கொள்ளும். வரிக் கணக்கில் கழிவு பொதுவாக இந்தப் பங்கின்படிதான் பிரிகிறது, ஐடிஆர் படிவத்திலும் இணை உரிமையாளரின் பெயர், பான், பங்கு சதவீதம் என்று கட்டம் போட்டே கேட்கிறார்கள். ஒருவருக்கு வரி அதிகம் என்பதற்காக இந்த வருடம் 80:20, அடுத்த வருடம் 50:50 என்று மாற்றி மாற்றிப் போட முடியாது.

(நான் சொல்லும் பிரிவு எண்கள் 1961ஆம் வருடச் சட்டத்தினுடையவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் வருடப் புதிய வருமான வரிச் சட்டம் அதன் இடத்துக்கு வருவதால் எண்கள் மாறும்.)

இதற்குள் இன்னொன்றும் நடந்துவிட்டது. புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கும் கழிவில்லை, 80சியும் இல்லை. 2025-26 முதல் அந்த முறையில் 12 லட்சம் வரை, சம்பளக்காரர்களுக்கு நிலைக் கழிவோடு 12.75 லட்சம் வரை வரியே இல்லை என்றானதும் ஏராளமானவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். வரிக்காகவே மனைவி பெயரைச் சேர்த்த குடும்பங்களில், வரிச் சலுகை போய்விட்டது, அவர் போட்ட கையெழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது.

சரி, அந்தக் கையெழுத்து என்ன செய்கிறது? இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 43. பலர் சேர்ந்து ஒரு வாக்குறுதி கொடுத்தால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, வாக்குறுதி பெற்றவர் அவர்களில் யாரை வேண்டுமானாலும் முழுதாகக் கட்டச் சொல்லலாம். கடன் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்குமா? மாட்டார்கள், "சேர்ந்தும் தனித்தனியாகவும்" பொறுப்பு என்று இன்னும் அழுத்தித்தான் எழுதியிருப்பார்கள். எனவே 60 லட்சத்தில் மனைவியின் பொறுப்பு 30 லட்சம் கிடையாது, 60 லட்சம். கணவருக்கும் 60 லட்சம். வங்கி இரண்டு பேரிடமும் சேர்த்து அந்த 60 லட்சத்துக்கும் அதன் வட்டிக்கும் மேல் வாங்காது, அவ்வளவுதான். நடைமுறையில் யார் போனை எடுக்கிறார்களோ, யார் சம்பளம் தெரிந்த இடத்தில் வருகிறதோ, யார் அந்த வீட்டில் குடியிருக்கிறார்களோ அவர்களைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

இப்போது நம் தம்பதிக்கு வருவோம். 36 தவணை ஒழுங்காகப் போனது. 2025 மே வரை கட்டிய தொகை 18.74 லட்சம், ஆனால் அசலில் குறைந்தது 3.91 லட்சம்தான், பாக்கி இன்னும் 56.09 லட்சம். பிரிந்துவிட்டார்கள். கணவர் பெங்களூருக்குப் போய்விட்டார், மனைவியும் குழந்தையும் மேடவாக்கத்திலேயே. "நீதானே இருக்க, நீயே கட்டிக்கோ" என்று சொல்லிவிட்டு, அந்தக் கணக்கில் பணம் வைப்பதை நிறுத்திவிட்டார். ஜூன் 5 தவணை திரும்பியது.

மனைவி செய்தது நியாயமான ஒன்றாகத்தான் தெரியும். தன் பங்கு 26,035 ரூபாயை மாதாமாதம் 5ஆம் தேதி நேரே கடன் கணக்கில் போட்டார். என் கடமையை நான் செய்கிறேன், அவர் பாட்டுக்கு அவர் பதில் சொல்லட்டும் என்று.

வங்கிக் கணக்கில் இது எப்படி விழும் என்று பாருங்கள். வரும் பணம் மிகப் பழைய பாக்கிக்குத்தான் போகும். ஜூனில் போட்டது ஜூன் தவணையில் பாதி. ஜூலையில் போட்டது ஜூன் தவணையின் மீதிப் பாதி. ஆகஸ்ட், செப்டம்பரில் போட்டது இரண்டும் சேர்ந்து ஜூலைத் தவணையை முடிக்கும். அக்டோபரில் போட்டது ஆகஸ்ட் தவணையில் பாதி. அந்தத் தவணையின் மீதிப் பாதி நவம்பர் 5ஆம் தேதிதான் வரும். ஆனால் ஆகஸ்ட் 5இல் கட்ட வேண்டிய பணத்துக்கு நவம்பர் 3ஆம் தேதியோடு 90 நாள் முடிகிறது. அன்று நாள்முடிவுக் கணக்கில் இந்தக் கடன் வாராக்கடன், அதாவது என்பிஏ. ஐந்து மாதத்தில் 1.30 லட்சம் கட்டியும் இதுதான் கதி. ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் இருந்திருந்தால் செப்டம்பர் 3இல் என்பிஏ ஆகியிருக்கும். ஆக, அத்தனை பணமும் வாங்கித் தந்தது இரண்டே மாத அவகாசம். திரும்பிய தவணைகளுக்கான அபராதக் கட்டணத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை, அதைச் சேர்த்தால் நிலைமை இன்னும் கொஞ்சம் மோசமாகும்.

இதற்கு முன்பே அறிகுறிகள் வந்திருக்கும். வாராக்கடன் ஆவதற்கு முந்தைய எச்சரிக்கைப் படிகளாக, 30 நாள் தாண்டினால் எஸ்எம்ஏ-1, 60 நாள் தாண்டினால் எஸ்எம்ஏ-2 என்று கணக்கு தரம் இறங்கிக்கொண்டே வரும். கடன் அறிக்கையில் இது இருவர் பெயரிலும் விழும், அதுவும் பாதி பாதியாக இல்லை, ஆளுக்கு முழு 56 லட்சமாக. இன்னொரு பக்கமும் இதில் உண்டு, அது மனைவிக்குச் சாதகம்: கணவருடைய சிபில் மதிப்பெண்ணும் அதே வேகத்தில் விழும், பெங்களூரில் அவர் ஒரு கார் கடன் கேட்டுப் போனால்கூட இந்தக் கணக்கு முன்னால் வந்து நிற்கும். பேச்சுவார்த்தையில் பல சமயம் வேலை செய்வது வக்கீல் நோட்டீஸைவிட இதுதான்.

என்பிஏ ஆனபிறகு, ஒரு தவணையைக் கட்டிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது, மொத்த நிலுவையும் தீர்ந்தால்தான் கணக்கு மறுபடி ஒழுங்கான கணக்காகும். நம் கணக்கில் அது அன்றைய தேதிக்கு 1.30 லட்சமும் கட்டணங்களும். இதைக் கட்டாமல் விட்டால், அடமானச் சொத்தை எடுத்துக் கடனை மீட்க வங்கிக்கு வழி தரும் சர்ஃபாசி சட்டத்தின் (2002) 13(2) நோட்டீஸ் வரும், 60 நாள் கெடு. அந்த நோட்டீஸ் நிலுவையை மட்டும் கேட்காது, மொத்தக் கடனையும் கேட்கும். ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். கெடு முடிந்தால் 13(4)இன்படி வீட்டைச் சுவாதீனம் எடுக்கும் நடவடிக்கை, அதை எதிர்த்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் "என் பாதியை நான் கட்டினேன்" என்பது அங்கே ஒரு வாதமே இல்லை. அடமானம் வீடு முழுவதன் மீதும் இருக்கிறது, கணவருடைய பாதி மீது மட்டும் இல்லை.

நோட்டீஸ் விஷயத்தில் சின்னதாக ஒன்று. கடன் விண்ணப்பத்தில் பெரும்பாலும் கணவரின் போன் நம்பரும் மின்னஞ்சலும்தான் இருக்கும். அவர் தகவல்களைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தால் மனைவிக்கு எதுவுமே தெரியாது, கதவில் நோட்டீஸ் ஒட்டும்போதுதான் தெரியவரும். பிரிவு என்று வந்த அன்றே கிளைக்குப் போய், தன்னுடைய நம்பரையும் முகவரியையும் தனியாகப் பதிவு செய்யச் சொல்லி, ஒப்புகை முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இணைக் கடனாளிக்குக் கடன் கணக்கு விவரம் கேட்கும் உரிமை இருக்கிறது, யாரும் தயவு பண்ணவில்லை.

அப்படியென்றால் மனைவி என்னதான் செய்வது? வீட்டை வைத்துக்கொள்ளப் போகிறார் என்றால், கசப்பாக இருந்தாலும், முடிந்தவரை முழு 52,069ஐயும் கட்டிவிட்டு, கணவருடைய பாதியை அவரிடம் கேட்பதுதான் வழி. அதே 43வது பிரிவு அதற்கும் இடம் தருகிறது: தன் பங்குக்கு மேல் கட்டியவர், மற்றவரிடம் அந்தப் பங்கைக் கேட்டு வாங்கலாம். வங்கி பாதியாகப் பார்க்காது, ஆனால் இவர்கள் இருவருக்குள் சட்டம் பாதியாகப் பார்க்கும். அதற்கு வழக்கு போட மூன்று வருடக் கெடு உண்டு என்பதால், விவாகரத்து முடியட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று காலம் கடத்தினால் பழைய தவணைகள் ஒவ்வொன்றாகக் கைநழுவும். கட்டும்போது கணவரின் கணக்குக்கு அனுப்பிக் கட்டச் சொல்லாமல், தன் பெயரில் மட்டும் இருக்கும் கணக்கிலிருந்து நேரே கடன் கணக்குக்குப் போடுவது முக்கியம். முதல் மூன்று வருடம் அவர் கணக்கு வழியாக அனுப்பினாரே, அந்தப் பணத்தை இப்போது "அது வீட்டுச் செலவுக்கு அனுப்பியது" என்று கணவர் சொன்னால் மறுக்கப் பழைய வாட்ஸ்அப் செய்திகளைத் தேட வேண்டியிருக்கும்.

முழுசும் கட்டுகிறாரே, வரியிலாவது முழுசும் கழிக்க முடியுமா என்றால், அங்கேயும் கை கட்டித்தான் இருக்கிறது. நான்காம் வருடத்து வட்டி 4.71 லட்சம். அவர் பங்கு 2.35 லட்சம், அதுவே வரம்பைத் தாண்டிவிடுகிறது, எனவே 2 லட்சத்தோடு சரி. கணவர் விட்டுவிட்ட 2 லட்சத்தை இவர் எடுத்துக்கொள்ள வழியில்லை. இரண்டு மடங்கு கட்டினாலும் கழிவு அதேதான். இதில் ஒரு விசித்திரமும் இருக்கிறது. வட்டிக் கழிவு "செலுத்த வேண்டிய" வட்டிக்கு, அசல் கழிவு உண்மையில் "செலுத்திய" தொகைக்கு. எனவே தவணை தவறிய வருடத்திலும் தன் பங்கு வட்டியை மனைவி காட்டலாம், அசலைத்தான் கட்டிய அளவுக்கு மட்டும் காட்ட முடியும். வங்கியின் வட்டிச் சான்றிதழ் இருவர் பெயரிலும் வருவதால், ஒரு ரூபாய் கட்டாத கணவரும் அதை எடுத்துத் தன் கணக்கில் 2 லட்சம் போட்டுவிடக்கூடும். யார் கட்டியது என்று அந்தச் சான்றிதழில் இருக்காது. கேள்வி வந்தால் வங்கிக் கணக்கு அறிக்கைதான் பேசும், அது மனைவியிடம்தான் இருக்கிறது.

பிறகு விவாகரத்து. பரஸ்பர சம்மத ஒப்பந்தத்தில் "வீடு மனைவிக்கு, இனி இஎம்ஐ முழுவதையும் மனைவியே கட்டுவார்" என்று எழுதி, குடும்ப நீதிமன்றமும் அதை ஏற்று ஆணை போட்டுவிட்டால், கணவர் கடனிலிருந்து வெளியே வந்துவிட்டதாகவே எல்லோரும் நினைக்கிறார்கள். வரவில்லை. அந்த வழக்கில் வங்கி கட்சியே இல்லை. ஐந்து வருடம் கழித்து மனைவிக்கு வேலை போய்த் தவணை தவறினால், மறுமணம் செய்து வேறு வாழ்க்கையில் இருக்கும் அந்த மனிதருக்கு நோட்டீஸ் போகும். அவர் வெளியே வர வங்கி சம்மதித்துப் புது ஒப்பந்தம் போட வேண்டும். வங்கி முதலில் பார்ப்பது மனைவியின் சம்பளம் மட்டும் 56 லட்சத்துக்குத் தாங்குமா என்பதைத்தான். மாதம் 70 ஆயிரம் வாங்குபவருக்கு 52 ஆயிரம் தவணையை எந்த வங்கியும் ஏற்காது. அப்போது அப்பாவையோ அண்ணனையோ புது இணைக் கடனாளியாகக் கொண்டுவர வேண்டும் (அந்த மோசமான நாற்காலி!), அல்லது கொஞ்சம் அசலைக் கட்டிக் கடனைக் குறைக்க வேண்டும், அல்லது வேறு வங்கிக்குத் தன் பெயரில் மாற்ற வேண்டும். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி முடிக்க அபராதம் வாங்கக் கூடாது என்பது இங்கே உதவும். எதுவும் நடக்கவில்லை என்றால் விற்பதுதான், அதற்கும் இருவர் கையெழுத்தும் வேண்டும்.

வங்கி சரி சொன்னபிறகுதான், கணவர் தன் பங்கை மனைவிக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்குப் போக வேண்டும், தலைகீழாகச் செய்யக் கூடாது. அவசரப்பட்டு முதலில் பத்திரம் போட்டுவிட்டால் கணவருக்கு வீடும் இருக்காது, கடன் மட்டும் இருக்கும். அவர் அதற்குச் சம்மதிக்கவும் மாட்டார், நியாயம்தான். பத்திரம் போடும் நேரமும் முக்கியம். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் போடும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000, இது 2023 ஜூலையில் உயர்த்திய வரம்பு. விவாகரத்து ஆணை வந்துவிட்டால் இருவரும் சட்டப்படி குடும்பம் இல்லை, அதனால் கணவன் மனைவியாக இருக்கும்போதே பதிவை முடிப்பது நல்லது.

கணவரும் ஒரு தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டைக் கையில் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் வீட்டைக் கைமாற்றினால், அதுவரை 80சியில் கழித்த அசல் எல்லாம் கைமாற்றிய வருடத்தின் வருமானமாகத் திரும்பிவந்து வரிக்குள் விழும். இவர்கள் சாவி வாங்கியது 2022இல், அந்த நிதியாண்டு 2023 மார்ச் 31இல் முடிந்தது, ஆக 2028 மார்ச் 31 வரை இந்தக் கத்தி தொங்கும். மூன்று வருடத்தில் அவர் பங்குக்கு அசல் கழிவு அதிகம் போனால் 1.95 லட்சம்தான், அதற்கு வரி 61 ஆயிரத்துக்குள். மனைவி தரும் தொகைக்குப் பதிலாகத் தன் பங்கை அவர் விடுவதாக இருந்தால், பேரம் பேசும்போதே இந்த 61 ஆயிரத்தை யார் ஏற்பது என்றும் எழுதிக்கொள்வது நல்லது. வட்டிக்கு அப்படித் திரும்பிவரும் விதி இல்லை, கழித்தது கழித்ததுதான்.